செக்டார் ஆவரேஜ் பி.இ வச்சு கம்பேர் பண்றதுல ஒரு குழப்பம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, ஒரு கம்பெனியோட பி.இ 24, அந்த செக்டார் ஆவரேஜ் 40னு காட்டுது, அதனால சீப்பா கிடைக்குதுன்னு தான் முதல்ல தோணுது. ஆனா அதே குரூப்ல இருக்கற மத்த அஞ்சு கம்பெனியயும் தனித்தனியா எடுத்து பார்த்தா 14, 16, 18, 20, அப்புறம் ஒண்ணு மட்டும் 132. அந்த கம்பெனிக்கு போன வருஷம் லாபம் ரொம்ப விழுந்துடுச்சு, விலை அந்த அளவுக்கு விழல, அதான் பி.இ இப்படி ஏறி நிக்குது, அது ஒண்ணே மொத்த ஆவரேஜையும் இழுத்துட்டு போகுது. மீடியன் பார்த்தா வெறும் 18 தான், அப்போ நம்ம கம்பெனி காஸ்ட்லின்னு ஆகுதே!

இன்னொண்ணு, நஷ்டத்துல ஓடற கம்பெனிக்கு பி.இ-யே வராது, அதனால அது கணக்குலேயே சேராம போயிடுது. மொத்த மார்க்கெட் கேப்ப மொத்த லாபத்தால வகுத்தா நஷ்டமும் உள்ள வந்துடும், ஆனா அதுல பெரிய கம்பெனி வச்சது தான் சட்டம்.

நீங்க மீடியன் எடுப்பீங்களா, மொத்தமா வகுப்பீங்களா? இல்ல 132 மாதிரி ஆளுக்கு சில வருஷ சராசரி லாபத்த போட்டு பார்ப்பீங்களா?