வீட்டில் சோடா மெஷின்: பல் கரையுமா, எலும்பு உருகுமா?

டர்பன்_வடக்கு:
மனைவி ஸ்பார்க்லிங் வாட்டர் போடும் மெஷின் ஒன்று வாங்கினாள். இப்போது வீட்டில் சாதாத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமியார், "காஸ் தண்ணி பல்லை அரிக்கும், எலும்பை உருக்கும், வயித்தையும் கெடுக்கும்" என்கிறார். மூன்றில் எது உண்மை?

ஃபீனிக்ஸ்_மாமா:
உங்கள் மாமியார் விவரமானவர். தண்ணீரில் காஸ் கலந்தால் கார்பானிக் ஆசிட் ஆகிறது, இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆசிட் என்றால் ஆசிட்தான். விழுந்த பல்லைக் கோலாவில் போட்டு வைத்துப் பாருங்கள், நாலு நாளில் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். என் தங்கைக்கு ஆயுசு முழுக்க கோலாதான் தண்ணீர். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு போயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

செல்வி_சாட்ஸ்வொர்த்:
நான் ஒரு பல் கிளினிக்கில் ஓரல் ஹைஜீனிஸ்ட். பல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாமா, ஆசிட் என்பது சரி. எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எதுவும் சேர்க்காத சோடாத் தண்ணீரின் பிஹெச் 5 பக்கம் இருக்கும். கோலா 2.5 பக்கம். அந்த எண் ஒன்று குறைந்தாலே அமிலம் பத்து மடங்கு கூடும், ஆக இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 300 மடங்கு. பல் எனாமல் இளகத் தொடங்குவது 5.5 வாக்கில். அந்தக் கணக்குப்படி சோடாத் தண்ணீரும் கோட்டுக்குக் கீழேதான், மறுக்கவில்லை. ஆனால் கார்பானிக் ஆசிட் பலவீனமானது, வாய்க்குள் வந்ததும் காஸாகப் பறந்துவிடும், மிச்சத்தை எச்சில் சமாளித்துவிடும். 2001-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் பற்களை மினரல் வாட்டரிலும் குளிர்பானங்களிலும் வைத்துப் பார்த்தார்கள். காஸ் உள்ள தண்ணீர், காஸ் இல்லாததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கரைத்தது. குளிர்பானங்களோடு ஒப்பிட்டால் அது நூறில் ஒரு பங்கு அளவு.

கிளாசில் போட்டு வைத்த பல்லுக்கு எச்சில் கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஜீரோ_சுகர்:
அக்கா சொல்வதுதான் சரி. காஸ், ஆசிட் எல்லாம் சும்மா பயமுறுத்தல், எதிரி சர்க்கரை ஒன்றுதான். அதனால்தானே 2018 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அரசாங்கமே சர்க்கரை வரி போட்டது. அன்றிலிருந்து நான் ஜீரோ கூல்டிரிங்க் மட்டும்தான். சோடாவும் ஜீரோவும் பல்லுக்கு ஒன்றுதான்.

செல்வி_சாட்ஸ்வொர்த்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை தம்பி! அந்த வரி 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் இருக்கும் சர்க்கரையை மட்டும்தான் எண்ணுகிறது. புளிப்புக்கு வரி கிடையாது. சொத்தை வேறு, அரிப்பு வேறு. சொத்தைக்குச் சர்க்கரையைத் தின்னும் கிருமி வேண்டும். அரிப்புக்குக் கிருமியே தேவையில்லை, பானத்தில் இருக்கும் அமிலம் நேராகவே வேலையைப் பார்க்கும். ஜீரோ கோலாவில் சர்க்கரை போயிற்று, பாஸ்பாரிக் ஆசிட் அப்படியே இருக்கிறது. பழ வாசனை சேர்த்த ஸ்பார்க்லிங் வாட்டரிலும் இதே கதை. லேபிளில் 'சிட்ரிக் ஆசிட்' என்று இருந்தால் அது தண்ணீர்க் கணக்கில் வராது, அதில் பல வகைகளின் பிஹெச் 3 பக்கம்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிளாசில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர் போல இருந்தால் அதிலிருந்த புளிப்பு காஸோடு போய்விட்டது. காஸ் போன பிறகும் நாக்கில் புளித்தால் வேறு அமிலம் இருக்கிறது. இனிப்பு சேர்த்ததில் இந்தச் சோதனை ஏமாற்றும், இனிப்பு புளிப்பை மறைத்துவிடும். அதற்கு லேபிள்தான் வழி.

டர்பன்_வடக்கு, மெஷினில் போட்ட தண்ணீரை அப்படியே குடிக்கிறீர்களா, ஏதாவது சேர்க்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது பல் கூசுகிறதா?

டர்பன்_வடக்கு:
நான் அப்படியே குடிப்பேன். மனைவி ஒரு லிட்டரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, மூடி வைத்த பாட்டிலில் ஊற்றி கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை அதுதான். இரண்டு மாதமாக ஐஸ் தண்ணீர் பட்டால் முன்பற்கள் கூசுகின்றன என்கிறாள். அதைக் கேட்டுத்தான் மாமியார் பேச்சை எடுத்தார்.

செல்வி_சாட்ஸ்வொர்த்:
முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

அரை எலுமிச்சை என்றால் ஏறத்தாழ 20 மில்லி சாறு, அதில் ஒரு கிராம் அளவுக்கு சிட்ரிக் ஆசிட். இது காஸ் மாதிரி பறக்காது. போதாததற்குப் பல்லிலிருக்கும் கால்சியத்தையும் பிடித்து இழுக்கும். ஆனால் அளவைவிட எனக்குக் கவலை நேரம்தான். அந்த ஒரு லிட்டரைச் சாப்பாட்டோடு குடித்து முடித்திருந்தால் பல்லுக்கு ஒரு தடவைதான் அடி. எச்சில் சில நிமிடங்களில் அமிலத்தைக் கழுவி, இளகிய இடத்தைத் திரும்ப இறுக்கத் தொடங்கும். உங்கள் மனைவி அஞ்சு நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடித்தால், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஐம்பது தடவை கிட்டே அந்த அடி விழுகிறது. எச்சிலுக்கு வேலை செய்ய இடைவெளியே கிடைப்பதில்லை.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மேல் முன்பற்களின் விளிம்பு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவித் தெரிகிறதா? பல்லின் முகம் வழக்கத்துக்கு மேல் வழவழப்பாக, சின்ன வரிகள் எல்லாம் மறைந்து பளபளக்கிறதா? கீழ்க் கடைவாய்ப் பல்லின் முனைகளில் சின்னக் குழி, நடுவில் மஞ்சள் புள்ளி தெரிகிறதா? பழைய ஃபில்லிங் இருந்தால் அது பல்லைவிட மேடாக நிற்கிறதா? ஃபில்லிங் வளராது, சுற்றியிருக்கும் பல்தான் தேய்ந்து இறங்கியிருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் டென்டிஸ்டிடம் காட்டுங்கள். இளகிய எனாமலை எச்சிலும் ஃப்ளூரைடு பேஸ்ட்டும் ஓரளவு மீட்கும், தேய்ந்து போனது திரும்பாது. இதெல்லாம் இல்லாமல் வெறும் கூச்சம் என்றால் ஈறு இறங்கியிருக்கலாம், பிரஷ் முரட்டுத்தனமாக இருக்கலாம். இங்கிருந்து என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது.

டர்பன்_வடக்கு:
விளிம்பு மெலிந்துதான் தெரிகிறது. அப்படியானால் மெஷினை விட்டுவிட்டு சாதாத் தண்ணீரில் எலுமிச்சை?

செல்வி_சாட்ஸ்வொர்த்:
அய்யோ, அதே ஒரு கிராம் அதிலும் இருக்குமே! பல்லுக்கு எலுமிச்சை போட்ட சாதாத் தண்ணீரைவிட எலுமிச்சை போடாத சோடா எவ்வளவோ மேல். மெஷின் இருக்கட்டும், எலுமிச்சை சாப்பாட்டு வேளைக்குப் போகட்டும். புளிப்பு குடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கலாம்.

டர்பன்_வடக்கு:
மாமியார் தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரும் எலுமிச்சையும் குடிக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. மகளே சொல்லட்டும்.

டோங்காட்_அக்கா:
எனக்கு வயிற்றில்தான் தொந்தரவு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரொட்டிக்குள் மட்டன் கறி வைத்த பன்னி சௌ சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய இஞ்சி பீர் குடித்தால் நடு ராத்திரியில் நெஞ்செரிச்சல், புளியேப்பம். காஸை நிறுத்தினால் எடையும் குறையுமா?

மருந்துக்கடை_ரவி:
அக்கா, எடைப் பேச்சு இங்கே வரவில்லை. இஞ்சி பீரில் இருக்கும் சர்க்கரையை நிறுத்தினால் குறையலாம், காஸுக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை.

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். காஸ் வயிற்றை உப்ப வைக்கும், ஏப்பம் விடும்போது மேல் வால்வு திறக்கும், அந்த வழியாக அமிலமும் ஏறலாம். ஏற்கெனவே அந்த வால்வு தளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் காஸ்தான் அந்த வியாதியை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்கள் கதையில் எண்ணெய், காரம், ராத்திரி நேரம், உடனே படுக்கை எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை அதே சாப்பாட்டோடு சாதாத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், எது குற்றவாளி என்று ஓரளவு தெரியும்.

எல்லா வயிற்றையும் கெடுக்கும் என்பதும் சரியில்லை. 2002-ல் இத்தாலியில் அஜீரணமும் மலச்சிக்கலும் இருந்த 21 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குக் காஸ் உள்ள மினரல் வாட்டரும் மற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் 15 நாள் கொடுத்தார்கள். காஸ் குடித்தவர்களுக்கு இரண்டும் குறைந்தன. சின்ன ஆய்வுதான், அந்தத் தண்ணீரில் தாது உப்புகளும் இருந்தன, அதனால் நான் இதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

ஃபீனிக்ஸ்_மாமா:
எலும்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோமே?

மருந்துக்கடை_ரவி:
அதில் உங்களுக்குப் பாதி மார்க் தரலாம் மாமா. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு என்று பல வருடமாக நடக்கிறது. 2006-ல் அதிலிருந்து வந்த முடிவு: தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. ஆண்களிடம் அது தெரியவில்லை. முக்கியமானது இதுதான்: கோலா அல்லாத மற்ற காஸ் பானங்களிலும் அது தெரியவில்லை. காஸ்தான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் தெரிந்திருக்க வேண்டும். குடித்த ஆசிட் எலும்பு வரை போவதும் இல்லை, ரத்தத்தின் பிஹெச்சை நுரையீரலும் சிறுநீரகமும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன.

ஃபீனிக்ஸ்_மாமா:
அப்படியானால் கோலா எலும்பை உருக்கும். அதைத்தானே நானும் சொன்னேன்.

மருந்துக்கடை_ரவி:
அதுவும் உறுதியில்லை. கோலாவிலுள்ள பாஸ்பரஸ்தான் காரணம் என்பார்கள், ஆனால் ஒரு டம்ளர் பாலில் கோலாவைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. காஃபீன் கொஞ்சம் கால்சியத்தைச் சிறுநீரில் தள்ளும், ரொம்பக் கொஞ்சம். பால், மோர் குடிக்க வேண்டிய இடத்தைக் கோலா பிடித்துக்கொள்கிறது என்பது எனக்கு நம்பும்படி இருக்கிறது. உங்கள் தங்கை பால் குடித்தாரா?

ஃபீனிக்ஸ்_மாமா:
பாலைக் கண்டாலே ஓடுவாள். இருந்தாலும் நான் கோலாவைத்தான் சொல்வேன்.

ஜீரோ_சுகர்:
செல்வி அக்கா, ஜீரோ குடித்தவுடன் பல் தேய்த்துவிட்டால் போதுமா?

செல்வி_சாட்ஸ்வொர்த்:
உடனே வேண்டாம், இளகிய எனாமலில் பிரஷ் தேய்க்கும். அரை மணி நேரம் பொறுக்கச் சொல்வோம். அந்த அரை மணியால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் டென்டிஸ்டுகளும் இருக்கிறார்கள். கொப்பளிப்பதை யாரும் மறுப்பதில்லை. ஸ்ட்ரா வைத்தால் நுனி முன்பல்லைத் தாண்டி உள்ளே போகட்டும்.

ஃபீனிக்ஸ்_மாமா:
ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு நான் ஒரு பாட்டில் சோடா குடிப்பேன். அதில் ஒன்றும் இல்லையே? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

மருந்துக்கடை_ரவி:
பல்லுக்கும் எலும்புக்கும் பிரச்சினை இல்லை மாமா. உப்பைப் பாருங்கள். மெஷினில் போட்டால் குழாய்த் தண்ணீரில் உள்ளதுதான் வரும். கடையில் வாங்கும் சோடாவிலும் சில மினரல் வாட்டரிலும் சோடியம் பைகார்பனேட் இருக்கும். லேபிளில் சோடியம் என்ற வரியை பாட்டிலுக்குப் பாட்டில் ஒப்பிட்டு, குறைவாக உள்ளதை எடுங்கள். எலுமிச்சையோடு உப்பும் போட்டுக் குடிக்கிற ஆளா நீங்கள்?

ஃபீனிக்ஸ்_மாமா:
உப்பு போடாமல் அது என்ன சோடா?

மருந்துக்கடை_ரவி:
ஒரு டீஸ்பூன் உப்பில் 2 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் சேர்த்தே 2 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கால் ஸ்பூன் போட்டாலும் கால்வாசி அங்கேயே போய்விடும், பிரியாணி உப்பை இன்னும் எண்ணவே இல்லை.