பொருள்: இசைச் செயலியில் வரும் ‘லேட்டன்சி’க்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல்விழி, கோவை (திங்கள் காலை)

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டிலிருந்தபடியே கீபோர்டு, கிதார், புல்லாங்குழல் பழகுவதற்கான ஒரு கைப்பேசிச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து இந்த மூன்று வரிகளில் நிற்கிறேன்.

```
note_early    = "Early"
note_late     = "Late"
latency_value = "Latency: %d ms"
```

பின்னிரண்டுக்கும் முதலில் ‘தாமதம்’ என்றே போட்டேன். ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. சுரத்தின் மேல் சிவப்பில் ‘தாமதம்’, திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ‘தாமதம்: 180’. மேலே இருப்பது வாசிப்பவரின் விரல் பிந்தியதைச் சொல்கிறது. கீழே இருப்பது கைப்பேசிக்குள் ஒலி போய்வர ஆகும் நேரத்தைச் சொல்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டையும் தன் பிழையாகவே படித்தாள். வெள்ளி மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். உதவுங்கள்.

ரஹீம், திருச்சி (திங்கள்)

எனக்கும் இதே தொல்லை. நான் புல்லாங்குழல் பழகுகிறேன். பாடத்தின் காணொளி பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமான இணையத் திட்டத்துக்கு மாறிய பிறகு சரியாகிவிட்டது. ‘இணைய வேகக் குறைவு’ என்று எழுதிவிடலாமே?

அரவிந்தன், சென்னை (திங்கள்)

ரஹீம், இது இணையத்தோடு தொடர்பில்லாதது. இணையத்தை அணைத்துவிட்டு வாசித்தாலும் இது இருக்கும். ஒலி சார்ந்த நிரல் எழுதுவது என் வேலை என்பதால் வழியைச் சொல்கிறேன். செயலி தாளத்தட்டை அனுப்புகிறது. அது காதை அடையச் சற்று நேரம். நீங்கள் வாசித்தது ஒலிவாங்கி வழியாக உள்ளே போகச் சற்று நேரம். அது எந்தச் சுரம் என்று செயலி கண்டுபிடிக்க இன்னும் சற்று நேரம். இம்மூன்றின் கூட்டுத்தொகைக்குத்தான் கயல்விழி பெயர் கேட்கிறார்.

ஞானசேகரன், தஞ்சாவூர் (செவ்வாய்)

‘தாமதம்’ வேண்டாம் என்பதற்குக் கயல்விழி சொன்ன காரணம் நல்ல காரணம். என் காரணம் வேறு. அது வடமொழியின் ‘தாமச’த்திலிருந்து வந்தது. சோம்பலும் இருளும் சேர்ந்த குணத்தின் பெயரை ஒரு பொறியின் இயல்புக்கு ஏன் சூட்ட வேண்டும்? நம்மிடம் ‘தாழ்’ இருக்கிறது. ‘தாழாது வந்தான்’ என்றால் காலம் கடத்தாமல் வந்தான் என்று பொருள். ‘காலத்தாழ்வு’ என்று வைக்கலாம்.

அரவிந்தன் (செவ்வாய்)

ஐயா, இசைச் செயலியில் ‘தாழ்வு’ என்றால் சுரம் இறங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குழல் பழகுபவருக்குச் ‘சுரம் தாழ்ந்திருக்கிறது’ என்ற செய்தி அதே திரையில் வருகிறது. உடனே அவர் ஊதும் கோணத்தை மாற்றத் தொடங்கிவிடுவார்.

ரங்கநாதன், மயிலாப்பூர் (செவ்வாய்)

மிருதங்கம் பயில்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதற்கெல்லாம் நம் தாளமுறையில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. தாளத்துக்குப் பிந்தினால் அதீதம், முந்தினால் அனாகதம். புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

ஸ்டெல்லா, நாகர்கோவில் (செவ்வாய் இரவு)

ரங்கநாதன் தம்பி, இரண்டும் இடம் மாறிவிட்டன. பாட்டு தாளத்துக்கு முன்பே எடுத்தால் அதீத எடுப்பு. தாளம் தொடங்கிய பிறகு எடுத்தால் அனாகதம். அதைவிட முக்கியமானது, அவை பாட்டின் அமைப்பில் வேண்டுமென்றே வைத்தவை. கற்றுக்குட்டியின் பிழைக்கு அந்தப் பெயரை ஒட்டினால், பின்னாளில் உண்மையான அனாகதத்தைக் கற்றுக்கொடுக்கும்போது குழந்தை அதையும் பிழை என்றே நினைக்கும்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கீபோர்டு பழகும் பதினோரு வயது மாணவி வீட்டில் செயலியை வைத்துப் பயிற்சி செய்தாள். தட்டைக் கேட்க, காதில் கம்பியில்லா ஒலிப்பான். வாசிப்பது கீபோர்டின் சொந்த ஒலிபெருக்கியில். நிமிடத்துக்கு 60 தட்டு, வெறும் ச ரி க ம ப த நி ச. எட்டுச் சுரமும் சிவப்பு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, தட்டு விழுவதற்கு முன்பே அழுத்தப் பழகிக்கொண்டாள். செயலி பச்சை காட்டியது. ஞாயிறன்று வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தபோது, ஒவ்வொரு சுரத்திலும் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். அந்தப் பழக்கத்தைக் கழற்ற எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. ஆகவே, பிழை அவளுடையது அன்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பெயராக வையுங்கள். ‘கருவித் தாமதம்’ என்றால் புரியும்.

அரவிந்தன் (புதன்)

ஸ்டெல்லா டீச்சர் சொன்னது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய உதாரணம். கம்பியில்லா ஒலிப்பான்கள் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிநொடி வரை ஒலியைப் பிந்தித் தருகின்றன. அந்த மாணவி தட்டைக் கேட்டதே பிந்தித்தான். கேட்டவுடன் சரியாக அழுத்தியிருக்கிறாள். செயலியோ தான் தட்டை அனுப்பிய நேரத்தோடு ஒப்பிட்டது.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். என்னிடம் இருக்கும் ஒரு செயலியில் நேற்று நானே வாசித்துப் பார்த்தேன். கம்பியில்லா ஒலிப்பானோடு: 212, 205, 219, 208 மில்லிநொடி பிந்தல். எல்லாம் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. கம்பியுள்ள ஒலிப்பானுக்கு மாறியதும் 35 பிந்தல், 20 முந்தல், 50 பிந்தல், 10 முந்தல். இப்படி இருபுறமும் சிதறினால் அது விரலின் தடுமாற்றம், பயிற்சி வேண்டும். ஒரே அளவில் ஒரே பக்கம் சாய்ந்தால் விரலைத் திருத்தக் கூடாது, ஒலியின் வழியைப் பார்க்க வேண்டும். கீபோர்டை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்தால் ஒலிவாங்கியே தேவையில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி நேராகப் போய்விடும். தட்டைக் கேட்பதற்கு மட்டும் அப்போதும் கம்பியுள்ள ஒலிப்பானோ கைப்பேசியின் ஒலிபெருக்கியோ வேண்டும்.

‘கருவித் தாமதம்’ பற்றி ஒரு தயக்கம். இந்தச் செயலியில் ‘உங்கள் கருவியைத் தேர்ந்தெடுங்கள்’ என்று தொடக்கத்திலேயே கேட்கிறோம். அங்கே கருவி என்பது கிதார், குழல். கருவித் தாமதம் என்றால், வாங்கிய கீபோர்டில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

சிவகுமாரன், யாழ்ப்பாணம் (புதன்)

எங்கள் ஊரில் ‘சுணங்காமல் வா’ என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். பஸ் பிந்தினாலும் சுணக்கம்தான், கடிதம் பிந்தினாலும் சுணக்கம்தான். யாரையும் குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. ‘ஒலிச்சுணக்கம்’ என்று வைத்தால், சுணங்குவது ஒலி, ஆள் அல்ல என்று சொல்லிலேயே தெரிகிறது.

ஸ்டெல்லா (புதன்)

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘பணியில் சுணக்கம்’ என்றால் மெத்தனம். என் மாணவர்களின் பெற்றோர் அப்படித்தான் படிப்பார்கள்.

ஞானசேகரன் (வியாழன் விடியற்காலை)

சுணக்கத்தைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். சங்கப் பாடல்களில் ‘சுணங்கு’ என்பது மகளிர் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளி. வேங்கைப் பூந்தாதோடு அதை ஒப்பிடுவார்கள். தேமல் படர்வது மெல்ல நடப்பது. மெல்லப் படர்தலிலிருந்து மெல்ல நகர்தல், அதிலிருந்து காலம் நீளுதல் என்று பொருள் வளர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து. நிறுவ முடியவில்லை, ஆனால் விட மனமில்லை.

எனினும் என் வாக்கு ‘ஒலிச்செலவு’க்கு. செலவு என்றால் செல்லுதல், பயணம். தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடும் ‘செலவழுங்குதல்’ நினைவிருக்கும். யாழ் வாசிப்பின் கலைத்தொழில் எட்டினுள் ஒன்றுக்கும் செலவு என்றே பெயர். ஒலி சென்று சேர ஆகும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான, இசையோடு பிறந்த சொல் எங்கே கிடைக்கும்?

சிவகுமாரன் (வியாழன்)

ஐயா, பொன்னிறச் சுணங்கும் எங்கள் சுணக்கமும் வேறு வேறு வேர் என்றே நினைக்கிறேன். ஒலிவடிவ ஒற்றுமை மட்டும் போதாது. படர்தலிலிருந்து பிந்துதலுக்குப் போகும் நடுவழிக்கு ஒரு வழக்காவது காட்ட வேண்டும்.

கயல்விழி (வியாழன்)

ஞானசேகரன் ஐயா, செலவு எனக்கும் பிடித்த சொல். ஆனால் அமைப்புப் பக்கத்தில் அதற்கு நேர் மேலே சந்தா வரி இருக்கிறது. ‘சந்தா: மாதத்துக்கு இவ்வளவு’, அடுத்த வரி ‘ஒலிச்செலவு: 180’. பணம் பிடிக்கப்போகிறார்கள் என்று செயலியையே நீக்கிவிடுவார்கள்.

அரவிந்தனிடம் ஒரு கேள்வி. ஒரே கைப்பேசியில் கீபோர்டுக்கும் கிதாருக்கும் எண் மாறுகிறதே, ஏன்?

அரவிந்தன் (வியாழன்)

கிதாரின் தடித்த ஆறாம் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிநொடி. இரண்டு மூன்று அதிர்வாவது கேட்டால்தான் செயலியால் சுரத்தைச் சொல்ல முடியும். அதற்குள் 30 போய்விடும். குழலின் சுரங்கள் மேலே இருப்பதால் அதிர்வு குறுகியது. ஆனால் ஊதும் காற்று மெல்ல எழுவதால் சுரம் எந்தக் கணத்தில் தொடங்கியது என்று பிடிப்பது கடினம். ரஹீம், உங்கள் குழலுக்கு ‘பிந்தியது’ அடிக்கடி வந்தால் ‘து’ என்று நாக்கால் தட்டி ஊதிப் பாருங்கள்.

ரஹீம் (வியாழன் இரவு)

நாக்கால் தட்டி ஊதினேன். பாதிக்கு மேல் பச்சை. இவ்வளவு நாள் இணையத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். என் வாக்கு ஒலிச்சுணக்கத்துக்கு.

கயல்விழி (வெள்ளி மாலை)

கோப்பை அனுப்பிவிட்டேன். சுரத்தின் மேல் ‘முந்தியது’, ‘பிந்தியது’. இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. மூன்றாவதுக்கு ‘ஒலிச்சுணக்கம்’, ஆதரவு நான்கு, மறுப்பு இரண்டு. ரங்கநாதன் விலகி நின்றார். இன்னும் நல்ல சொல் வந்தால் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ஞானசேகரன் (வெள்ளி)

என் மறுப்பு பதிவாகட்டும். ‘செலவு’ பணத்துக்குள் அடைபட்டது நம் காலத்தில்தான்.

ஸ்டெல்லா (சனி)

என் மறுப்பும் இருக்கட்டும். வகுப்பில் நான் ‘போன் பிந்துகிறது’ என்றே சொல்லப்போகிறேன். அது ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

கயல்விழி, இன்னொன்று. அடுத்த திரையில் பத்து முறை தட்டச் சொல்லி எண்ணைக் கண்டுபிடிக்கிறதே, அந்தப் பொத்தானுக்குச் ‘சுணக்கத்தைச் சரிசெய்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது எதையும் சரிசெய்வதில்லை. ஒலி முன்போலவே பிந்தித்தான் வருகிறது. மதிப்பெண் போடும்போது மட்டும் அந்த அளவைக் கழித்துக்கொள்கிறது. ஒலிப்பானை மாற்றினால் மறுபடியும் தட்ட வேண்டும். சரிசெய்தாகிவிட்டது என்று நினைத்தால் யார் மறுபடி தட்டுவார்கள்? ‘கழித்துக்கொள்’ என்பது சரியா, ‘அளந்துகொள்’ என்பது சரியா?

சிவகுமாரன் (சனி)

‘அளந்துகொள்.’ கழிப்பது செயலியின் வேலை, பிள்ளையின் வேலை தட்டி அளந்து கொடுப்பது.

ஞானசேகரன் (ஞாயிறு)

‘அள’ என்னும் வேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நாளை அனுப்புகிறேன்.