வெப்சைட் செலவு: சொத்தில் ஏற்றுவதா, இந்த வருடமே செலவெழுதுவதா?

பவானி, ஈரோடு
போர்வை, துண்டு விற்கும் சிறிய பிரைவேட் லிமிடெட்டில் கணக்கு பார்க்கிறேன். ஆர்டர், பணம், இருப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளும் வெப்சைட்டை வெளியாளிடம் செய்து வாங்கினோம். 2024 டிசம்பர் 1 முதல் ஓடுகிறது. ஜிஎஸ்டி நீங்கலாகப் பில் 6,00,000. அதில் திட்டமிடல் 40,000, உருவாக்கம் 4,20,000, ஒரு வருட ஹோஸ்டிங் 18,000, பொருள் படங்கள் 60,000, விளம்பரம் 50,000, பயிற்சி 12,000. பேங்கில் ஓவர்டிராஃப்ட் லிமிட் கேட்கப் போவதால் மொத்தத்தையும் சொத்தில் காட்டச் சொல்கிறார் முதலாளி. முந்தைய வருடம் மாதிரி வடிவத்துக்குச் செலவெழுதிய 90,000-ஐயும் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

முருகேசன்
ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுகிறதே, சொத்துதான். ஆறு லட்சத்தையும் ஏற்றிடுங்க.

ரேவதி, ஆடிட்டர்
முருகேசன் சார், காலம் மட்டும் போதாது. புலப்படாச் சொத்துகளுக்கான கணக்கியல் தரநிலை ஏஎஸ் 26 படி ஒவ்வொரு வரியும் எதற்கான செலவு என்று பார்க்கணும். இந்த வெப்சைட் நேராக விற்பனை செய்கிறது, வரும் வருமானத்தைக் காட்ட முடியும். அதனால் உருவாக்கிய 4,20,000 சொத்து. வெறும் கம்பெனி அறிமுகப் பக்கமாக இருந்தால் அதையும் ஏற்றியிருக்க மாட்டேன்.

திட்டமிடல், முடிவெடுக்கும் முன் நடந்த ஆய்வு, அதனால் செலவு. பொருள் படங்கள் விளம்பரத்தோடு சேரும். பயிற்சியும் செலவு. ஹோஸ்டிங்கில் மார்ச் வரை நான்கு மாதத்துக்கு 6,000, மீதி 12,000 முன்கட்டணம்.

பவானி, அந்த 90,000 வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வெளியான கணக்கில் செலவாக எழுதியதைப் பிறகு சொத்தின் விலையில் சேர்க்க ஏஎஸ் 26 விடாது.

மூன்று வருடத்தில் புதிதாகச் செய்வீர்கள் என்றால் அந்த 4,20,000-ஐ 36 மாதத்தில் தேய்த்துவிடுங்கள். இந்த வருடம் நான்கு மாதம், 46,667. ஹோஸ்டிங்கோடு மற்ற செலவுகள் 1,68,000. ஆக லாபத்தில் குறைவது 2,14,667.

செல்வா
நான் மாதம் 2,500 கட்டி ரெடிமேட் கடைப் பக்கம் வைத்திருக்கிறேன் மேடம். வருடத்துக்கு 30,000, சொத்தா?

ரேவதி, ஆடிட்டர்
இல்லை தம்பி. கட்டுவதை நிறுத்தினால் பக்கமே போய்விடும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. வாடகைபோல அந்தந்த மாதச் செலவு.

பவானி, ஈரோடு
நன்றி மேடம். இருப்பைக் கணக்கோடு இணைக்கும் வேலையை எங்கள் பையனே செய்தான். அவன் சம்பளம்?

ரேவதி, ஆடிட்டர்
அந்த வேலைக்குப் போன நேரத்துக்குப் பதிவு இருக்கிறதா? இருந்தால் அந்தப் பங்கை ஏற்றலாம். இப்போது உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்ட சதவீதத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முருகேசன்
சரிம்மா. வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானம் கிடைக்குமே?

ரேவதி, ஆடிட்டர்
சாஃப்ட்வேர் என்றால் 40. மார்ச் வரை 180 நாள் ஓடாததால் பாதிதான், 84,000. வெப்சைட்டைப் புலப்படாச் சொத்தாக வைத்து 25 போடுபவர்களும் உண்டு. இது ஆர்டர் எடுக்கும் புரோகிராம் என்பதால் நான் 40-ஐ எடுப்பேன். பவானி, உங்கள் ஆடிட்டர் எதை எடுக்கிறார் என்று கேட்டுவிட்டே ரிட்டர்ன் போடுங்கள்.