புதுப்பிப்பு: 84 மதிப்பெண் எடுத்த செவிலியர் விண்ணப்பம்

முன்பு கேட்டது: "சென்னை மருத்துவமனையின் ஐசியு பணிக்கு வந்த விண்ணப்பம் 100க்கு 84 எடுத்திருக்கிறது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு இல்லை. நேர்காணலுக்கு அழைக்கலாமா?"

நர்சிங் கண்காணிப்பாளர் ஒருவரின் பதில்தான் வழிகாட்டியது. கட்டாயத் தகுதிக்கு மதிப்பெண்ணே கூடாது. அது வாசல், அதைத் தாண்டியவருக்கே மற்றவற்றை எடைபோட வேண்டும் என்றார். எங்கள் மதிப்பெண் தாளில் பதிவுக்கு 10 மதிப்பெண்தான். அது பறிபோனாலும் அனுபவம் ஈடுகட்டிவிடுகிறது.

விண்ணப்பித்தவரிடம் கேரளப் பதிவு இருக்கிறது. "அதுவே போதும்" என்று ஒருவர் சொன்னது பாதி சரி. பதிவு உண்மையானதுதான்; ஆனால் இங்கே வேலை செய்ய, தடையில்லாச் சான்றுடன் தமிழ்நாட்டிலும் பதிய வேண்டும். அதற்கு விண்ணப்பித்த ரசீதை அவர் காட்டியதால் 'நிலுவை' என்று குறித்தேன்.

சிறப்புப் பிரிவில்தான் உண்மையான சிக்கல். "ஐசியு, 4 ஆண்டுகள்" என்றிருந்தது. பணிச் சான்றில் பார்த்தால் 1 ஆண்டுதான் ஐசியு. மீதி, வென்டிலேட்டரே இல்லாத இடைநிலை வார்டு. விளம்பரம் கேட்பதோ 2 ஆண்டுகள். இதய உயிர்காப்புப் பயிற்சியான ஏசிஎல்எஸ் சான்று 2 ஆண்டுக்குத்தான் செல்லும், அதன் தேதியும் முடிந்திருந்தது.

 

இவரை அழைக்கவில்லை. பதிவு மட்டும் நிலுவையில் இருப்பவரை அழைக்கலாமா என்பதில் மனிதவளப் பிரிவும் கண்காணிப்பாளரும் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.