இரண்டு படத்தை ஒன்றாக்கும் வேலை: இந்தக் கடிதம் சரியாக இருக்கிறதா?

ஸ்டுடியோ நண்பர்களே, வணக்கம். ஒரு அக்கா, தன் அப்பாவின் முதல் திதிக்கு அம்மா அப்பாவைச் சேர்த்து ஒரே படமாகக் கேட்கிறார். அம்மாவுக்கு இருப்பது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும்தான். அதிலும் கன்னத்தில் அலுவலக முத்திரை. வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன்:

"அக்கா, அம்மா முகம் படத்தில் 2.5 செ.மீ.தான். 8x12 அளவில் அது இரண்டு மடங்காகும், தாங்கும். நீங்கள் கேட்ட 12x18-இல் மூன்று மடங்காகி, கண் இமை கலங்கிவிடும். அப்பா மேல் வெளிச்சம் இடப்பக்கம், அம்மா மேல் வலப்பக்கம். அம்மா படத்தைத் திருப்பிப் போட்டால் சுலபம்தான், ஆனால் மூக்குத்தி மறுபக்கம் போய்விடும், முந்தானை வலது தோளுக்கு வந்துவிடும். அதனால் நிழலைக் கையால்தான் மாற்ற வேண்டும், அதற்கே இரண்டு நாள். மொத்தம் ஆறு நாள், பிரேமோடு 1,800 ரூபாய், பாதி முன்பணம். பிரிண்டுக்கு முன் காட்டுவேன், ஒருமுறை திருத்தம் இலவசம். அம்மாவைச் சிரிக்க வைக்க மட்டும் கேட்காதீர்கள். அது வேறு யாரோ முகமாகிவிடும்."

கடைசி இரண்டு வரி அவர் மனதைப் புண்படுத்துமா? எப்படி மாற்றலாம்? அப்புறம், ஊதா முத்திரை மை உதட்டோரம் வரை இறங்கியிருக்கிறது. சிவப்பு சேனலில் மை மங்குகிறது, ஆனால் உதட்டுக் கோடும் சேர்ந்தே போகிறது. கோட்டை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? நாளை காலை அக்கா கடைக்கு வருகிறார்.