கலைச்சொல் தேவை: டாக்ஸ் ஸ்மூத்திங் – சீராக்கமா, நிரவலா?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். அரசு நிதி பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டாக்ஸ் ஸ்மூத்திங் என்ற ஒரு சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். போர், வெள்ளம், நோய்ப்பரவல் என்று அரசுக்குத் திடீர்ச் செலவு வருகிறது. அந்த ஆண்டே வரியை ஏற்றி, அடுத்த ஆண்டே இறக்கக் கூடாது. கடன் வாங்கிச் சமாளித்து, வரி விகிதத்தை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது கருத்து. பொருளியலாளர் ராபர்ட் பாரோ 1979இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது பாடமாகிவிட்டது.

முதலில் "வரி மென்மையாக்கம்" என்று எழுதினேன். படித்த தோழி, "வரியைக் குறைக்கிறார்களா?" என்று கேட்டாள். "வரிச் சீராக்கம்" என்று மாற்றினேன். அதை அவள் சீர்திருத்தம் என்றே படித்துவிட்டாள். இரண்டும் தவறான படத்தைக் காட்டுகின்றன. வேறு சொல் உண்டா?

சண்முகம்:

அன்புள்ள கயல்விழி, முப்பது ஆண்டு மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் எடுத்தவன் நான். "வரி நிலைப்படுத்தல்" என்று வைத்துக்கொள்ளலாமே. நிலைப்படுத்தல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அரசின் வருவாய் ஏறி இறங்காமல் நிலையாக இருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? மாணவருக்கு உடனே விளங்கும்.

இளங்கோ:

சண்முகம் ஐயா சொன்னதில் பாதி சரி. ஏறி இறங்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் நிலையாக நிற்பது வருவாய் அல்ல, விகிதம். மந்தம் வந்தால் விகிதம் அப்படியே இருக்கும், வருவாய் தானாகவே குறையும், பள்ளத்தைக் கடன் நிரப்பும். அப்புறம், நிலைப்படுத்தல் என்ற சொல் இன்னொரு கொள்கைக்குப் போய்விட்டது. அது மந்தத்தில் வரியைக் குறை, கொதிப்பில் கூட்டு என்கிறது. இதுவோ தொடாதே என்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவன் குழம்புவான்.

ஏன் தொடக் கூடாது என்பது பிடிபட்டால் சொல்லும் பிடிபடும். ஒரு மேசை விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். வரியால் விலை 50 ரூபாய் ஏறுகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடியவர் மட்டும் திரும்பிப் போவார். அவருக்கு இழப்பு சொற்பம். இன்னொரு 50 ஏறினால் திரும்பிப் போகிறவர் விசிறி உண்மையாகவே வேண்டியவர். அவர் இழப்பது அதிகம். அவரிடமிருந்து வந்திருக்க வேண்டிய முதல் 50 ரூபாய் வரியையும் அரசு இழக்கிறது. அதனால் விகிதம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது, அதாவது விகிதத்தை அதனாலேயே பெருக்கி வரும் வர்க்கத்தைப் போல வளர்கிறது.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓர் ஆண்டு 10, மறு ஆண்டு 30 சதவீதம் என்றால் வர்க்கங்களின் கூட்டல் 100 + 900, அதாவது 1000. இரண்டு ஆண்டும் 20 என்றால் 400 + 400, 800தான். கிடைக்கும் பணம் கிட்டத்தட்ட ஒன்றே. ஏற்ற இறக்கத்துக்காக மட்டும் மக்கள் 200 கூடுதலாக இழக்கிறார்கள்.

பழனிச்சாமி:

வணக்கம்ங்க. கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இது அட்வான்ஸ் டாக்ஸ்தானே? ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பரில் 45, டிசம்பரில் 75, மார்ச் 15க்குள் முழுசும் என்று கட்டுகிறோம். மார்ச்சில் மொத்தமாகக் கட்டினால் கை முறிந்துவிடும். முன்பு ஒரு வருடம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மெஷின் தவணையும் வரியும் ஒரே மாதத்தில் வந்து, கூலி கொடுக்கக் கடன் வாங்கினேன். அதிலிருந்து வருடம் பூராவும் நிரவிக் கட்டிவிடுகிறேன். "தவணை வரி" என்று வையுங்களேன்.

கயல்விழி:

பழனிச்சாமி அண்ணா, நீங்கள் சொல்வது கட்டுகிறவர் பக்கம். விதித்த வரியை நீங்கள் பிரித்துக் கட்டுகிறீர்கள். நான் தேடுவது விதிக்கிற அரசின் பக்கம்: விகிதத்தையே அது எப்படி வைப்பது என்பது. அதனால் தவணை பொருந்தாது. ஆனால் "நிரவிக் கட்டுகிறேன்" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதை மூன்று தடவை படித்தேன். "வரி நிரவல்" என்றால் என்ன?

இளங்கோ:

நன்றாக இருக்கிறது! பாரோவின் கருத்து "விகிதம் ஒருநாளும் மாறாது" என்பதல்ல. எதிர்பாராத செலவு வந்தால் விகிதம் கொஞ்சம் மாறும், மாறியபின் அங்கேயே நிற்கும். நாளைய விகிதம் என்னவாக இருக்கும் என்று கேட்டால் இன்றைய விகிதத்தைச் சொல்வதே நல்ல ஊகம். "சமன்", "நிலை" போன்ற சொற்களில் இந்தச் சிறு நகர்வுக்கு இடமில்லை. நிரவலில் இருக்கிறது.

வயலில் ஒரு வண்டி மண்ணைக் கொட்டினால் மேடாக விடுவதில்லை. பரம்பு ஓட்டி நிரவுகிறோம். மேடு போய்விடும், ஆனால் வயல் முழுவதும் ஒரு நூலளவு உயர்ந்திருக்கும். அந்த நூலளவுக்கும் கணக்கு உண்டு. நாட்டின் ஆண்டு வருமானம் 100, வரி 20 சதவீதம் என்று வையுங்கள். ஒரே ஓர் ஆண்டு போருக்கு இன்னும் 20 தேவை. வரியாலேயே எடுத்தால் அந்த ஆண்டு 40 சதவீதம். கடனாக எடுத்தால், விலைவாசி போக உண்மை வட்டி 3 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 0.6 வட்டி. அடுத்த ஆண்டிலிருந்து வரி 20.6, அவ்வளவுதான்.

முதல் வழியில் வர்க்கம் 400இலிருந்து 1600க்குத் தாவுகிறது. கூடுதல் இழப்பு 1200, ஒரே தடவை. இரண்டாம் வழியில் ஆண்டுதோறும் 24 சொச்சம், என்றென்றைக்கும். அந்த முடிவில்லாத வரிசையை 3 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 812. கடன் தீராமலே இருந்தும் இழப்பு குறைவு.

ஒன்றை மறக்கக் கூடாது. செலவு நிரந்தரமாகவே 20இலிருந்து 25க்கு ஏறிவிட்டால் நிரவ எதுவுமில்லை. அன்றே 25க்குப் போக வேண்டும். நிரந்தரச் செலவைத் தற்காலிகம் என்று நினைத்துக் கடன் வாங்கிக்கொண்டே போவதுதான் இந்தக் கொள்கையின் பெயரால் அதிகம் நடக்கும் தவறு. நடக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் எளிது: போர் முடிந்தபின்னும், வெள்ளம் வடிந்தபின்னும் வருமானத்தில் கடனின் பங்கு ஏறிக்கொண்டே போனால் அது நிரவல் அல்ல.

சண்முகம்:

விகிதம், வருவாய் பற்றி இளங்கோ சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "நிரவல்" எனக்குக் கவலை தருகிறது. தமிழ்நாட்டு ஆசிரியர் யாரிடமாவது நிரவல் என்று சொல்லிப் பாருங்கள். பணி நிரவல், அதாவது உபரி ஆசிரியரைப் பள்ளி மாற்றும் ஆணைதான் நினைவுக்கு வரும். ஓரிடத்தில் அதிகம் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் போடுவது. வரி நிரவல் என்றால் பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பது என்றே படிப்பார்கள். அது மறுபங்கீடு, முற்றிலும் வேறு. இங்கே பரப்புவது ஆட்களுக்கிடையே அல்ல, ஆண்டுகளுக்கிடையே. "காலம்" என்ற சொல் உள்ளே வராமல் இது நிற்காது.

துவாரகா:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் கணக்குப் பார்க்கிறேன். இளங்கோ அண்ணாவிடம் ஒரு கேள்வி. இலங்கையில் எங்கள் வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி, 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூன் 1இல் 12, அதே ஆண்டு செப்டம்பர் 1இல் மறுபடி 15, 2024 ஜனவரியில் 18. படிப்படியாக ஏற்றியிருப்பதால் இதையும் நிரவல் என்று சொல்லலாமா?

மே 31 அனுப்ப வேண்டிய பிஸ்கட் பெட்டிகள், லொறி டீசல் வரிசையில் நின்றதால் ஜூன் 1தான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. பற்றுச்சீட்டு 8 வீதத்தில் எழுதியாயிற்று. மிச்ச 4 வீதம் யாருடையது என்று கடைக்காரரோடு இரண்டு கிழமை இழுபட்டோம். விலை ஒட்டிகளை மூன்று மாதத்துக்குள் இரண்டு தரம் கிழித்து ஒட்டினோம். இந்தச் செலவு உங்கள் வர்க்கக் கணக்கில் வருகிறதா?

இன்னொன்று. எங்களுக்கு "வரி வீதம்"தான். விகிதம் என்றால் இரண்டு எண்களின் ஒப்பீடாகவே இங்கே படிப்போம்.

இளங்கோ:

துவாரகா, அந்தச் செலவு வர்க்கக் கணக்கில் வராது. விகிதம் எவ்வளவு உயரம் என்பதையே அது பார்க்கிறது. எத்தனை தடவை மாறியது என்பதற்குத் தனி இழப்பு உண்டு, நீங்கள் காட்டியது அதுதான். நிரவலுக்கு ஆதரவாக அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் படிக்கட்டு நிரவல் அல்ல. நிரவலில், நாளை ஏறும் என்று இன்றே தெரிந்த ஏற்றம் இருக்கக் கூடாது. தெரிந்தால் இன்றே கொஞ்சம் ஏற்றியிருக்க வேண்டும். 2019இல் செலவு நிரந்தரமாகக் குறையவில்லை, விகிதம் மட்டும் பாதியளவுக்கு இறங்கியது. பதிவு வரம்பும் ஆண்டு விற்பனை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்ந்ததால் வரி கட்டுவோரும் குறைந்தார்கள். அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. கடன் வாங்கித் தாங்க வேண்டிய வேளையில் வெளிநாட்டுச் சந்தை கடன் தரவில்லை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதே நின்றது. அதன்பின் 12, 15, 18 எல்லாம் வேறு வழியில்லாமல் ஏறியவை. நிரவ மண் மட்டும் போதாது, பரம்பும் வேண்டும். இங்கே பரம்பு என்பது கடன் கொடுப்பவரின் நம்பிக்கை.

பிரிட்டனும் இங்கே முட்டியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் போருக்குக் கடன், வட்டிக்கு வரி என்று ஓட்டிய நாடு அது. 1793இல் பிரான்சுடன் தொடங்கிய போரையும் அப்படித்தான் தொடங்கியது. 1797இல் 100 பவுன் முகமதிப்புள்ள 3 சதவீதக் கடன் பத்திரம் 50 பவுனுக்கும் கீழே போனது. அதாவது புதிதாகக் கடன் வாங்க 6 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். 1799இல் பிரதமர் பிட் முதன்முறையாக வருமான வரி போட்டார், 200 பவுனுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 10 சதவீதம். 1802இல் அமைதி வந்ததும் எடுத்தார்கள், மறு ஆண்டே போர் திரும்ப வரியும் திரும்பியது, 1816இல் மறுபடி எடுத்தார்கள். போட்டு எடுத்துப் போட்ட இந்த வரியை நிரவலுக்கு நேரெதிரான எடுத்துக்காட்டாக நூலில் சேர்க்கலாம்.

பழனிச்சாமி:

இப்போது புரிகிறதுங்க. ஆனால் எனக்கு வங்கி 3 சதவீதத்துக்குக் கொடுப்பதில்லையே. வட்டி பத்து, பன்னிரண்டு என்றால் அந்த 812 என்ன ஆகும்?

இளங்கோ:

நல்ல கேள்வி, போட்டுப் பார்ப்போம். 10 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 2. வரி 22, வர்க்கம் 484, கூடுதல் 84. அதை 10 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 840. இன்னும் 1200க்குக் கீழேதான். ஆனால் அந்த 22 என்ற மட்டத்தில் அடுத்த அதிர்ச்சி வந்தால் 24, அப்புறம் 26. வட்டி உயர உயர வயல் சீக்கிரம் மேடாகிவிடும். எந்த மட்டத்தில் கடன் கொடுப்பவர் விலகுவார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

கயல்விழி:

அதிகாரத்தின் முதல் வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "திடீர்ச் செலவை ஓர் ஆண்டின் வரியில் ஏற்றாமல் பல ஆண்டுகளுக்குப் பரப்பி, வரி விகிதத்தை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைப்பது வரிவிகிதக் கால நிரவல்." அடுத்த பக்கத்திலிருந்து "வரி நிரவல்" மட்டும். துவாரகா, இலங்கைப் பதிப்பு வந்தால் வீதம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

சண்முகம்:

முதல் வாக்கியத்தில் "கால" இருப்பதால் ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பக்கத்தில் அதை விட்டுவிடுவதற்கு இன்னும் சம்மதமில்லை. "நிரவிய வரி" என்று எங்காவது பெயரெச்சமாக எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தை அனுப்புங்கள், என் பழைய மாணவர் இருவரிடம் கொடுத்து என்ன புரிகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.