வெந்த கோழியில் எலும்போரச் சிவப்பு: என்ன பெயர் வைக்கலாம்?

தொகுப்பாளர், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். விடுதிச் சமையலர்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு பதிவு மட்டும் நிற்கிறது. கோழித் தொடையை நன்றாக வேகவைத்த பிறகும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்போ கருஞ்சிவப்போ தெரிகிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். "அரைவேக்காடு" என்று எழுதினால் தவறாகிவிடும். வரைவில் "குருதிக்கசிவு" என்று போட்டு வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

சமையல் குத்தகைக்காரர், காவேரிப்பட்டினம்

சார், குருதின்னு போட்டீங்கன்னா அன்னைக்கே பந்தி காலி. முழுக்கால் வறுவல் வைக்கிற கல்யாணத்துல எல்லாம் இதே பஞ்சாயத்துதான். கால் மூட்டுப் பக்கம் ஒருத்தர் பிச்சுப் பார்த்து "ரத்தம் நிக்குது, வேகல"ன்னு தட்டைத் தள்ளுவார். அதையே திரும்ப எண்ணெயில போட்டா கறி நார்நாரா காஞ்சு போகுது, சிவப்பு மட்டும் அப்படியே நிக்குது. என்னைக் கேட்டா, சிவப்பா இருந்தாலும் வெந்ததுதான், பயப்படாதீங்கன்னு ஒரே வரியில எழுதிடுங்க.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), ஓசூர்

அந்த ஒரே வரியை எழுதிவிடாதீர்கள். சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி ஆபத்து.

சரியான பாதியிலிருந்து தொடங்குகிறேன். கறிக்கோழி 35 முதல் 42 நாளுக்குள் வெட்டுக்கு வந்துவிடுகிறது. உடம்பு 2 கிலோவைத் தொட்டாலும் எலும்பு முற்றியிருக்காது, நுண்துளைகளோடுதான் இருக்கும். உள்ளே இருக்கும் செம்மச்சையில், அதாவது சிவந்த எலும்பு மஜ்ஜையில், ஹீமோகுளோபின் நிறைய. வேகும்போது அது எலும்புச் சுவர் வழியே கசிந்து பக்கத்துத் தசையில் ஊறுகிறது. உறைய வைத்த கோழியில் இது இன்னும் அதிகம். பனிக்கட்டி மச்சையின் உயிரணுக்களை உடைத்துவிடுவதால், உருகும்போதே கசிவு தொடங்கிவிடும். எலும்பும் வெளியே கருத்துப்போகும். நாட்டுக்கோழியில் இதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். வயது கூடியது, எலும்பு கெட்டி. கண்முன்னே வெட்டிக் கொடுக்கும் கடைக் கறியிலும், உறைபெட்டிக் கறியைவிடக் குறைவு.

ஆகவே அந்தக் கறை வேக்காட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வெந்த காலிலும் இருக்கும், வேகாத காலிலும் இருக்கும். அதனால்தான் "சிவப்பா இருந்தாலும் வெந்ததுதான்" என்பதும் தப்பு.

இரண்டு கால்களை எடுத்துக்கொள்வோம், இரண்டும் சுமார் 250 கிராம். ஒன்றை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க உருக்கியாயிற்று. மற்றது காலையில் உறைபெட்டியிலிருந்து எடுத்தது. வெளியே இளகியிருக்கிறது, எலும்பருகே இன்னும் கல். இரண்டையும் ஒரே எண்ணெயில், 170 டிகிரியில், 13 நிமிடம் பொரிக்கிறோம். மேலே இரண்டும் ஒரே நிறத்தில் வரும். கீறிப் பார்த்தால் இரண்டிலும் எலும்போரம் சிவப்பு. ஆனால் வெப்பமானி முதலாவதில் 80ஐத் தாண்டிக் காட்டும், இரண்டாவதில் 60க்குக் கீழேயே நிற்கும். முதலாவதைப் பரிமாறலாம். இரண்டாவதில் சால்மோனெல்லா என்ற கிருமி உயிரோடிருக்க இடம் உண்டு. கோழிக்குப் பாதுகாப்பு எல்லை 74 டிகிரி. கறியின் உட்பகுதி அதைத் தொட்டுவிட்டால் போதும், நேரம் எண்ண வேண்டியதில்லை.

பென்னாகரம் வாசகர்

எங்கள் பக்கம் இந்தச் சிவப்பு அதிகம். ஃபுளோரைடு தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். பல்லையே கறையாக்கும் தண்ணீர் கறியை விடுமா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பலர் எடுக்கிறார்கள். "ஃபுளோரைடுச் சிவப்பு" என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

கால்நடை மருத்துவர், ஓசூர்

ஃபுளோரைடு பல்லின் எனாமல் உருவாகும்போதே அதைக் கெடுப்பது. கறியின் நிறத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் தண்ணீரைச் சந்தேகித்தது வீணில்லை. உரமும் சாக்கடையும் இறங்கிய கிணற்றில் நைட்ரேட் இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நம் நாட்டு வரம்பு. அது நுண்ணுயிரிகளால் நைட்ரைட்டாக மாறினால், மிகச் சிறிய அளவே தசைக்கு நிறம் தரும் மயோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வேகவைத்தாலும் போகாத இளஞ்சிவப்பைக் கொடுக்கும். பதப்படுத்திய இறைச்சி சிவப்பாக இருப்பது இதனால்தான். அந்த நிறம் எலும்போரத்தில் மட்டும் நிற்காது, கறி முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் ஊர்ச் சிவப்பு எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை, அரூர்

டாக்டர் சொன்னதைப் படித்தால் நாம் தேடுவது ஒரு சொல் அல்ல, இரண்டு சொல் என்று படுகிறது. எலும்பிலிருந்து வெளியே கசிவது ஒன்று. கறியே சிவப்பாக நின்றுவிடுவது இன்னொன்று. முதலாவதற்கு "மச்சைக்கறை" என்கிறேன். மச்சை சித்த மருத்துவத்தில் பழகிய சொல், கறை என்பது பின்னால் வந்து ஒட்டியது என்பதைக் காட்டும். சிவப்பு, கருஞ்சிவப்பு, கருப்பு எதற்கும் பொருந்தும்.

சமையல் குத்தகைக்காரர், காவேரிப்பட்டினம்

டீச்சர், மச்சைன்னா எங்க மாஸ்டருக்கு மாமன் மச்சான்தான் ஞாபகம் வரும். நல்லின்னு சொல்லுங்க, சின்னப் பையனுக்கும் தெரியும். நல்லிச்சிவப்பு.

டாக்டர், ஒரு சந்தேகம். குழம்புக்கு வெட்டுற கறியில மட்டும் யாரும் இதைச் சொல்றதில்லையே, ஏன்? அதே கோழிதானே?

கால்நடை மருத்துவர், ஓசூர்

குழம்புத் துண்டில் எலும்பு குறுக்கே வெட்டுப்பட்டிருக்கிறது. மச்சை நேரே சாற்றில் இறங்கி, கொதியில் பழுப்பாகி, மசாலா நிறத்தோடு கலந்துவிடுகிறது. முழுக்காலில் அது வெளியேற வழியில்லை, எலும்புக்கும் தசைக்கும் நடுவே தேங்குகிறது. புளிப்புக்கும் பங்குண்டு. தயிரிலோ எலுமிச்சையிலோ ஊறிய கறியில் மயோகுளோபின் சீக்கிரம் நிறம் மாறும். புளிப்பில்லாமல், pH எனப்படும் கார அமில எண் 6க்கு மேலே நிற்கும் கறியில் 74ஐத் தாண்டியும் இளஞ்சிவப்பு மிஞ்சும். வெட்டுக்கு முன்னால் வெயிலில் வண்டியில் அலைந்து களைத்த கோழிக்கு அந்த எண் அப்படித்தான் உயர்ந்து நிற்கும்.

முழுக்கால்தான் வேண்டும் என்றால் முழுக்க உருக்குங்கள், எலும்பு வரை இரண்டு கீறல் போடுங்கள், உப்பும் தயிரும் 4 மணி நேரம் ஊறட்டும். கறை குறையும். அறவே போகும் என்று சொல்ல மாட்டேன்.

பென்னாகரம் வாசகர்

பார்த்தேன். எலும்போரம் இல்லை, கறி முழுக்கச் சிவப்பு. ஆனால் வீட்டில் கறி மெதுவாகட்டும் என்று ஆப்பச்சோடாவும் மஞ்சளும் தடவி வைப்பது வழக்கம்.

கால்நடை மருத்துவர், ஓசூர்

அப்படியென்றால் கிணற்றை விடுங்கள். சோடாவின் காரத்தில் மஞ்சள் தானாகவே செம்பழுப்பாக மாறும். ஒரு தட்டில் இரண்டையும் தண்ணீர் விட்டுக் குழைத்தாலே தெரிந்துவிடும். அதோடு சோடா கார அமில எண்ணை ஏற்றுவதால் கறியின் சொந்தச் சிவப்பும் போகாமல் நிற்கும். அடுத்த முறை சோடாவுக்குப் பதில் தயிர் போட்டுப் பாருங்கள். அப்போதும் சிவந்தால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

தமிழாசிரியை, அரூர்

நல்லி என்றால் ஆட்டெலும்புதானே? கோழிக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "கோழி நல்லி" என்று அகராதியில் பார்த்தால் சிரிப்பார்கள். அடுத்தது, "சிவப்பு" என்று பெயரிலேயே வைத்துவிட்டால் கருத்துப்போன எலும்புக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

தொகுப்பாளர், தருமபுரி

சிரித்தாலும் புரிந்துகொள்வார்கள், சமையலறைக்கு அது போதும். கருப்புக்குப் பொருந்தாது என்ற மறுப்பை ஏற்கிறேன். "நல்லிக்கறை" என்றால் இருவர் சொன்னதும் சேர்ந்துவிடுகிறது. குருதிக்கசிவை நீக்கிவிட்டேன்.

டாக்டர், வெப்பமானி இல்லாத சமையலறைக்கு என்ன எழுதுவது? சாறு தெளிவாக வந்தால் வெந்தது என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது.

கால்நடை மருத்துவர், ஓசூர்

சாற்றை நம்ப வேண்டாம், அதுவும் நிறத்தை நம்புவது போலத்தான். நெஞ்சுக்கறி 74ஐத் தொடுவதற்கு முன்னாலேயே வெளுத்துவிடும். வெளுத்ததால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தசையைப் பாருங்கள். வேகாத தசை கண்ணாடி போலப் பளபளக்கும், விரலில் வழுக்கும், இழுத்தால் ரப்பராக நீண்டு எலும்பை விடாது. வெந்தது ஒளி ஊடுருவாமல் மங்கலாகி, நார் நாராகப் பிரிந்து, மூட்டில் லேசாகத் திருகினாலே கழன்று வரும். கறையை மறந்துவிட்டு அதன் பக்கத்துத் தசையில் இதைப் பாருங்கள். ஆனால் இதுவும் ஊகம்தான், 200 பேருக்குச் சமைக்கிற இடத்தில் வெப்பமானி இல்லாமல் முடியாது.

முனையைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பை ஒட்டி, எலும்பில் படாமல் செருக வேண்டும். எலும்பில் பட்டால் அளவு தவறும். ஒரே காலை மட்டும் பார்த்து நிறுத்தாமல், சட்டியில் இருப்பதிலேயே பெரிய காலைப் பாருங்கள். கருவி சரியா என்று அறிய, நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஓசூரில் 100ஐ எதிர்பார்த்தால் நல்ல கருவியைத் தூக்கிப் போடுவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 97லேயே கொதித்துவிடும்.

சமையல் குத்தகைக்காரர், காவேரிப்பட்டினம்

60க்குக் கீழ காட்டுன அந்தக் காலை என்ன பண்றது டாக்டர்? தூக்கிப் போடணுமா?

கால்நடை மருத்துவர், ஓசூர்

வேண்டாம். உடனே தீயைக் குறைத்து, மூடி போட்டு, 74 வரும்வரை வேகவிடுங்கள். அதிகத் தீயில் போட்டால் மேல்தோல்தான் கருகும். ஆற வைத்து மாலையில் திரும்பப் பொரிக்கலாம் என்று எடுத்துவைப்பதுதான் கூடாது. வெதுவெதுப்பான அரைவேக்காட்டுக் கறியில் கிருமி பெருகும்.

தமிழாசிரியை, அரூர்

நல்லிக்கறைக்கு இனி மறுப்பில்லை. கறி முழுக்கச் சிவப்பாக நிற்பதற்கு "நிலைச்சிவப்பு" என்கிறேன். வெந்தும் நிலைத்து நிற்பது.

சமையல் குத்தகைக்காரர், காவேரிப்பட்டினம்

அது வெந்தது வேகாதது ரெண்டுக்கும் பொதுவா கேக்குதுங்க டீச்சர். "வெந்தசிவப்பு", "வேகாச்சிவப்பு"ன்னு ஜோடியா வச்சா மாஸ்டருக்குச் சட்டுனு பிடிபடும்.

கால்நடை மருத்துவர், ஓசூர்

ஜோடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்தே இது வெந்தது, அது வேகாதது என்று பிரித்துவிடலாம் என்ற எண்ணத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. என் ஓட்டு நிலைச்சிவப்புக்கு.

தொகுப்பாளர், தருமபுரி

நல்லிக்கறை பதிவாகிறது. விளக்கம்: "இளங்கோழியின் எலும்பிலிருந்து கசிந்து ஒட்டும் கறை, வேக்காட்டுக்கு அடையாளம் அல்ல, 74 டிகிரி பார்க்கவும்." இரண்டாவது சொல்லுக்கு இடம் விட்டு அச்சுக்கு முந்தைய படியை அனுப்புகிறேன். நிலைச்சிவப்பா, வெந்தசிவப்பா என்று மற்றவர்களும் சொல்லுங்கள். வெப்பமானியை எங்கே செருகுவது என்பதற்கு ஒரு கோட்டுப்படம் வேண்டும், வரைந்து தரக்கூடியவர்கள் இருக்கிறார்களா?